"சரிங்க சார்" என்றால் ஒப்புக்கொண்டதாகுமா? ஒரு பணித்திறன் சந்திப்பின் குறிப்பைத் திருத்தி எழுதிய விதம்

முக்கால் மணி நேரம் பேசிவிட்டு எல்லோரும் எழுந்துபோன பிறகு மிஞ்சுவது ஒரு பக்கக் குறிப்புதான். சம்பள உயர்வோ பதவி உயர்வோ பேச்சுக்கு வரும்போது கோப்பிலிருந்து எடுத்துப் பார்ப்பது அதைத்தான். மேலாளர் மாறிப்போனால், புதிதாக வருபவருக்கு அந்த ஊழியரை அறிமுகப்படுத்துவதும் அதுவே. இதில் ஒரு சங்கடம் உண்டு. குறிப்பை எழுதுகிறவர் பெரும்பாலும் அந்தச் சந்திப்பின் ஒரு தரப்பு. வழக்காடியவரே தீர்ப்பின் நகலையும் எழுதுவது போன்ற நிலை இது.

கீழே வருவது, கோவை வட்டார பம்ப் உதிரிபாக ஆலைகளில் நடப்பதை வைத்து அமைத்த மாதிரி நிகழ்வு. ஆலையும் ஆட்களும் கற்பனை. குறிப்பில் நேரும் தவறுகள் மட்டும் அன்றாடம் பார்ப்பவை.

நடந்தது

ஊழியர் இறுதிச் சோதனைப் பிரிவில் எட்டு வருடமாக இருக்கும் மூத்த இன்ஸ்பெக்டர். தரப் பிரிவு மேலாளர் அவரை 2025 அக்டோபர் 9, வியாழன் பிற்பகல் 3.10-க்கு அரையாண்டு மதிப்பீட்டுக்கு உட்காரவைத்தார். எச்ஆர் அதிகாரியும் உடனிருந்தார். பேச வேண்டியவை இரண்டு. ஒன்று, மறுநாள் காலை 10 மணிக்குள் வரவேண்டிய தினசரிச் சோதனை அறிக்கை அடிக்கடி தாமதமாவது. இரண்டு, வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த பேரிங் ஹவுசிங் லாட். 400 உருப்படியில் 22-க்கு போர், அதாவது உள்துளை, அளவு 52.03 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தது.

சந்திப்பு 3.55-க்கு முடிந்தது. மேலாளர் மறுநாள் மாலை, வேறு இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, நினைவிலிருந்து இப்படி எழுதினார்:

> தினசரி அறிக்கை எப்போதும் தாமதமாகவே வருவது சுட்டிக்காட்டப்பட்டது. கேஜ் இல்லை என்று காரணம் சொல்லிச் சமாளித்தார். ஹவுசிங் லாட் விஷயத்தில் அலட்சியமாக இருந்துள்ளார். இதுபற்றிக் கேட்டபோது தவறை ஒப்புக்கொண்டார். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடப்பதால் வேலையில் கவனம் இல்லையாம். இனி கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

ஆறே வாக்கியம். மேலாளர் எதையும் வேண்டுமென்றே திரித்தவர் அல்ல. நடந்ததாகத் தன் மனதில் பதிந்திருந்ததைத்தான் எழுதினார். எச்ஆர் அதிகாரி அன்று சந்திப்பில் கையால் எடுத்த குறிப்பு இருந்ததால்தான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

கைக்குறிப்பில் இருந்தது

அவர் தாளை நெடுக்காக மூன்று பத்தியாகக் கோடு போட்டிருந்தார். இடது பத்தி மேலாளர் சொன்னது, நடுப் பத்தி ஊழியர் சொன்னது, வலது பத்தி பார்க்கவேண்டிய ஆதாரம். பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவும்போதெல்லாம் ஓரத்தில் மணியைக் குறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் எழுத அவர் முயலவில்லை. முயன்றால் பேச்சைக் கேட்க முடியாது. எதிரில் இருப்பவருக்கும் வாக்குமூலம் கொடுப்பது போலாகிவிடும். ஆனால் ஐந்தாறு வாக்கியங்களை மட்டும் சொன்னது சொன்னபடி, பேச்சுத் தமிழிலேயே எழுதி மேற்கோள் குறி போட்டிருந்தார். எவற்றை அப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் எளிது. பிறகு யாராவது "நான் அப்படிச் சொல்லல" என்று சொல்லக்கூடிய வாக்கியம் என்றால் அதை அப்படியே எடுத்துவிடுவார்.

நடுப் பத்தியில் இருந்த இரண்டு வாக்கியங்கள்:

"ஒரு கேஜை வச்சுத்தானுங்க சார் ரெண்டு லைனும் பார்த்தேன். நேத்து மிச்சத்த அளந்து முடிக்கவே காலைல பத்தரை ஆயிடுது."

"ஷீட்ல இருபது கட்டம்தானுங்க இருக்கு. அம்பது அளக்கோணும்னு அந்த ஷீட்டப் பார்த்தா தெரியாது."

மேலாளர் லாட்டைப் பற்றி நீளமாகப் பேசி முடித்து, "இனி இப்படி நடக்கக் கூடாது" என்றபோது ஊழியர் சொன்னது ஒன்றே: "சரிங்க சார்."

ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால்

"எப்போதும்" என்பதிலிருந்து தொடங்கலாம். மின்னஞ்சல் நேரத்தைப் பார்த்தால் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான 76 வேலை நாட்களில் தாமதமானது 14 நாள். குறையாகச் சொல்ல 14 நாள் போதும், "எப்போதும்" தேவையில்லை. அந்த ஒரு சொல் இருந்தால், ஊழியர் சரியான நேரத்தில் அனுப்பிய ஒரே ஒரு மின்னஞ்சலைக் காட்டி முழுக் குறிப்பையும் பொய்யாக்கிவிடலாம். எண் எழுதப்பட்ட குறிப்பு மேலாளருக்கும் பாதுகாப்பு.

அந்த 14 நாளைத் தேதிவாரியாகப் பிரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த உள்துளையை அளக்கும் போர் கேஜ் இரண்டில் ஒன்று ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 12 வரை அளவுத்திருத்தத்துக்கு வெளியே போயிருந்தது. 9 தாமதங்கள் அந்த இடைவெளியில் விழுந்தன. கேஜ் வெளியே போன கேட் பாஸில் கையெழுத்திட்டவர் மேலாளரே. முதல் வரைவு இதை மறைத்தது என்று சொல்ல முடியாது, மறந்துவிட்டது. தனக்குப் பாதகமான தகவல் மனதிலிருந்து முதலில் நழுவுவது மனித இயல்பு. அதனால் எழுதி முடித்ததும் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இந்தப் பக்கத்தில் எனக்குச் சங்கடம் தரும் வரி ஒன்றாவது இருக்கிறதா? ஒன்றுகூட இல்லையென்றால் எதையோ விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

"சமாளித்தார்" என்பது அடுத்தது. தமிழில் ஒருவர் பேசியதைக் குறிக்கும் வினைகள் பலவும் தீர்ப்பைச் சுமந்துகொண்டே வருகின்றன. சமாளித்தார், மழுப்பினார், சாக்குச் சொன்னார், வாதாடினார், அடம்பிடித்தார் என எதை எழுதினாலும் அவர் என்ன சொன்னார் என்பது மறைந்து, கேட்டவருக்கு எப்படிப் பட்டது என்பதுதான் நிற்கும். "சொன்னார்", "கேட்டார்", "பதில் சொல்லவில்லை" ஆகிய மூன்றும் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது வாசிக்க அலுப்புத்தான். ஆனால் நடை அழகுக்காக யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்கப்போவதில்லை.

இதைவிட நுட்பமானது "இல்லையாம்". அந்த ஓர் "ஆம்" விகுதி, நான் நம்பவில்லை என்று முகம் சுளிப்பதற்குச் சமம். கேட்ட செய்தியைச் சொல்லப் பேச்சில் சாதாரணமாக வருவதுதான். கோப்பில் ஏறினால் ஏளனமாகத் தொனிக்கும். "தாமதமானதாம்" என்பதற்குப் பதில் "தாமதமானதாகச் சொன்னார்" என்று எழுதினால் தகவல் அப்படியே இருக்கும், சுளிப்பு போய்விடும். "கூட" என்ற சொல்லையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். "அறிக்கையைக்கூட நேரத்துக்கு அனுப்பவில்லை" என்று எழுதினால் இவ்வளவு சின்ன வேலையையும் செய்யாதவர் என்று சேர்த்துச் சொன்னதாகிறது.

பிறகு "ஒப்புக்கொண்டார்". முதல் வரைவின் பெரிய பிழை இதுதான். "சரிங்க சார்" என்பது நம் ஊரில் காதில் வாங்கிக்கொண்டேன் என்பதற்கும், பேச்சை முடிக்கலாம் என்பதற்கும், மேலதிகாரிக்குக் கொடுக்கும் மரியாதைக்கும் வரும். தவறு என்னுடையது என்ற பொருளிலும் சில நேரம் வரலாம். எந்தப் பொருள் என்பது அந்த இடத்திலேயே கேட்டால்தான் தெரியும். "இருபதுதான் அளந்தீங்கன்னு எழுதிக்கிறேன், சரியா?" என்று எச்ஆர் அதிகாரி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவரும் கேட்கவில்லை. கேட்காத நிலையில் குறிப்பில் எழுதக்கூடியது "'சரிங்க சார்' என்றார்" என்பது மட்டுமே.

"சுட்டிக்காட்டப்பட்டது", "அறிவுறுத்தப்பட்டது" இரண்டிலும் செய்தவர் யார் என்று தெரியாது. அலுவலகத் தமிழுக்கு இந்தப் "பட்டது" மேல் ஏனோ அப்படி ஒரு பிரியம். யார் சொன்னார், என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் என்று எழுத முடியாத அறிவுரை நடைமுறையில் அறிவுரையே அல்ல. "கவனமாக இருக்க வேண்டும்" என்பதை நவம்பரில் எதை வைத்து அளப்பது?

ஊழியரின் தவறு எங்கே

நியாயமாக எழுதுவது என்றால் ஊழியரைக் காப்பாற்றுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நிகழ்வில் தவறு இருக்கிறது, அதைத் தெளிவாகவே எழுத வேண்டும். ஆலை பின்பற்றும் ஐஎஸ் 2500 மாதிரித் திட்டப்படி 400 உருப்படி லாட்டுக்கு 50 எடுத்து அளக்க வேண்டும். அந்த லாட்டின் சோதனைத் தாளில் இருந்தது 20 அளவு. மே மாதம் நடந்த மாதிரித் திட்டப் பயிற்சியின் வருகைத் தாளில் ஊழியரின் கையெழுத்தும் இருக்கிறது.

இதை "அலட்சியம்" என்று எழுதினால் ஊழியர் மறுக்கலாம்; அலட்சியம் என்பது மனநிலை, அதற்குச் சாட்சி இல்லை. "50-க்குப் பதில் 20 அளந்தார்" என்று எழுதினால் மறுக்க ஒன்றுமில்லை. அதன் கனமும் தானாகவே தெரியும். 400-இல் 22 பழுது இருக்கும் லாட்டில் 20 மட்டும் அளந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை ஒரு பழுதுகூடக் கையில் சிக்காமல் போகும். 50 அளந்தால் அப்படி நழுவுவது இருபதில் ஒரு தடவைதான்.

திருத்திய குறிப்பு

மேலாளர், எச்ஆர் அதிகாரி இருவரும் கைக்குறிப்பையும் ஆவணங்களையும் வைத்து மறுபடி எழுதினார்கள். ஒவ்வொரு விஷயத்திலும் ஆவணம் காட்டுவது, ஊழியர் சொன்னது, மேலாளரின் கருத்து என்று வரிசை மாறாமல் இருந்தது. மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்பது மட்டுமே விதி.

> தினசரி அறிக்கை. ஜூலை–செப்டம்பரில் 76 வேலை நாட்களில் 14 நாள் அறிக்கை காலை 10 மணிக்குப் பின் வந்தது. அவற்றில் 9 நாள், ஒரு போர் கேஜ் அளவுத்திருத்தத்துக்குப் போயிருந்த காலத்தில் (ஆகஸ்ட் 18–செப்டம்பர் 12). ஊழியர்: ஒரே கேஜில் இரண்டு லைனையும் பார்த்ததால் முந்தைய நாள் மிச்சத்தை அளந்து முடிக்கக் காலை 10.30 ஆனது. மேலாளர்: 9 நாளுக்கு இந்தக் காரணத்தை ஏற்கிறார். தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்.
>
> கருத்து வேறுபாடு. கேஜ் பற்றாக்குறையை ஆகஸ்ட் 20 அன்று மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னதாக ஊழியர் கூறினார். அப்படிச் சொன்னது நினைவில் இல்லை என்று மேலாளர் கூறினார். அன்றைய ஷிப்ட் பதிவேடு பார்க்கப்படும்: எச்ஆர், அக்டோபர் 15.
>
> ஹவுசிங் லாட். திட்டப்படி 50 அளக்க வேண்டிய இடத்தில் தாளில் 20 அளவு உள்ளது. ஊழியர் மே மாதப் பயிற்சியில் கலந்துகொண்டிருக்கிறார். ஊழியர்: பழைய ஷீட்டில் 20 கட்டம்தான் இருந்தது. மேலாளர்: பயிற்சி பெற்றவர் என்பதால் 50 அளந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார். இனி இப்படி நடக்கக் கூடாது என்று மேலாளர் சொன்னபோது ஊழியர் "சரிங்க சார்" என்றார்.
>
> வேலை நேரம். சொந்தக் காரணத்தால் செவ்வாய், வெள்ளி காலை ஒரு மணி நேரம் தாமதமாக வர ஊழியர் அனுமதி கேட்டார். மீதி 5 தாமத நாட்களில் 4 செவ்வாய் அல்லது வெள்ளி. மேலாளர் பதில்: அக்டோபர் 15-க்குள்.
>
> செய்ய வேண்டியவை. ஊழியர்: அக்டோபர் 13 முதல் 400 உருப்படி லாட்டுக்கு 50 அளவு, அறிக்கை தாமதமாகும் என்றால் காலை 9.30-க்குள் செய்தி. மேலாளர்: 50 கட்டமுள்ள தாள், அளவுத்திருத்தக் காலத்துக்கு மாற்றுக் கேஜ், இரண்டும் அக்டோபர் 17-க்குள். மறுபார்வை: நவம்பர் 10.

டயாலிசிஸ் என்ற சொல் மறைந்துவிட்டதைக் கவனிக்கலாம். அம்மாவின் உடல்நிலையை அவர் சொன்னது அனுமதி கேட்பதற்காக. கோப்பைப் பலர் திறப்பார்கள். கோப்புக்கு அந்த அனுமதி மட்டும் தெரிந்தால் போதும். "வேலையில் கவனம் இல்லை" என்று ஊழியர் சொல்லவே இல்லை, அது மேலாளர் இட்டு நிரப்பியது. கைக்குறிப்பில் அந்த வாக்கியமே கிடையாது.

கருத்து வேறுபாட்டைத் தனிப் பத்தியாக விட்டதும் முக்கியம். அனுபவமில்லாதவர்கள் இந்த இடத்தில் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்து முடித்துவிடுவார்கள், அல்லது விஷயத்தையே விட்டுவிடுவார்கள். இருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதைப் பார்த்தால் தெளியும், யார் பார்ப்பார் என்று எழுதிவிட்டால் குறிப்பின் வேலை அங்கே முடிந்தது.

செய்ய வேண்டியவற்றில் இரண்டு தரப்புக்கும் வேலை இருக்கிறது. மேலாளர் சந்திப்பில் சொன்னது "கேஜுக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணலாம்" என்றுதான். "பண்ணலாம்" என்பதில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. ஊழியரின் "சரிங்க" ஒப்புதலாக ஏறுமானால் மேலாளரின் "பண்ணலாம்" வாக்குறுதியாக ஏற வேண்டும். இரண்டையும் பேசித் தெளிவாக்கிக்கொண்டு எழுதுவதே முறை. அதனால் எச்ஆர் அதிகாரி மேலாளரிடம் தேதி கேட்டு வாங்கினார்.

ஊழியர் கைக்குப் போனபோது

குறிப்பு 11-ஆம் தேதி, சனிக்கிழமை ஊழியருக்குக் கொடுக்கப்பட்டது. சந்திப்பு நடந்த அன்றே எழுதி மறுநாள் கொடுத்திருந்தால் இன்னும் நன்று. தமிழில்தான் கொடுத்தார்கள். பல ஆலைகளில் பேச்சு தமிழில் நடக்கும், குறிப்பு ஆங்கிலத்தில் ஏறும், ஊழியர் கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து எதை நிரூபிக்கும் என்பது கேள்விதான்.

கருத்து எழுத மூன்று வேலை நாள் அவகாசம். கையெழுத்துக்கு மேலே "இதை ஏற்கிறேன்" என்று போடவில்லை, "படித்தேன், நகல் பெற்றுக்கொண்டேன். இது உடன்பாட்டைக் குறிக்காது" என்று இருந்தது. இப்படி இருந்தால் கையெழுத்துக்கு மறுப்பு அநேகமாக வராது. வந்தாலும், "நகல் கொடுக்கப்பட்டது, கையெழுத்திட விரும்பவில்லை" என்று தேதியோடு எச்ஆர் எழுதிவைத்தால் போதும், வற்புறுத்தத் தேவையில்லை.

ஊழியர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: "பழைய ஷீட் என்று நான் சொல்லவில்லை. ஆவணப் பிரிவிலிருந்து இப்போது வரும் அச்சிட்ட ஷீட்டிலேயே 20 கட்டம்தான்." கைக்குறிப்பைத் திரும்பப் பார்த்தால் அங்கே "ஷீட்ல" என்றுதான் இருக்கிறது. "பழைய" என்ற சொல் திருத்தி எழுதும்போது நுழைந்தது. அந்த ஒரு சொல், காலாவதியான தாளை ஊழியர் வைத்துக்கொண்டிருந்தார் என்ற பொருளைக் கொடுத்துவிட்டது. உண்மையில் குறை ஆவணப் பிரிவில் இருந்தது. இவ்வளவு கவனமாக எழுதிய பிறகும் இப்படி ஒன்று நுழைகிறது என்பதால்தான் ஊழியரிடம் காட்டாமல் கோப்பில் ஏற்றக் கூடாது.

அரசுப் பணியில் இது சட்டமாகவே ஆகியிருக்கிறது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் தேவ் தத் தொடுத்த வழக்கில், ரகசிய அறிக்கையில் உள்ள எந்த மதிப்பீட்டையும், அது "நன்று" என்றிருந்தாலும், ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. "மிக நன்று" இருந்தால்தான் பதவி உயர்வு என்ற இடத்தில் "நன்று" என்பதே கெடுதல் செய்துவிட்டது. தனியார் ஆலைக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது, காரணம் மட்டும் பொருந்தும்.

இந்தக் குறிப்பு எச்சரிக்கைக் கடிதம் அல்ல என்பதையும் மேலாளர்கள் மறந்துவிடுகிறார்கள். இதை வைத்தே தண்டனைக்குப் போக முடியாது. அதற்குக் குற்றச்சாட்டு, விளக்கம் கேட்பது, உள்விசாரணை என்று தனி வழி இருக்கிறது. எனவே "இதுவே கடைசி வாய்ப்பு" போன்ற வாக்கியங்களுக்கு இங்கே இடமில்லை.

பிற்சேர்க்கை

ஊழியரின் இரண்டு வரியைக் குறிப்புக்குள் நுழைத்து "பழைய" என்பதை அழித்துவிடலாம் என்று மேலாளர் நினைத்தார். எச்ஆர் சம்மதிக்கவில்லை. கொடுத்த பக்கத்தில் பிறகு கைவைத்தால் ஊழியரிடம் உள்ள நகலும் கோப்பில் உள்ளதும் வேறாகிவிடும். எது அசல் என்ற சண்டை புதிதாக வரும். முதல் பக்கம் அப்படியே இருக்க, தேதியிட்ட பிற்சேர்க்கை ஒன்று இணைந்தது:

> அக்டோபர் 15. (1) ஊழியரின் கருத்து இணைக்கப்பட்டுள்ளது. தற்போது வழங்கப்படும் அச்சிட்ட தாளில் 20 கட்டம் இருப்பது சரிபார்க்கப்பட்டது. குறிப்பில் "பழைய ஷீட்" என்றது எழுதியவர்களின் பிழை. (2) ஆகஸ்ட் 20 ஷிப்ட் பதிவேட்டில் கேஜ் பற்றிப் பதிவு இல்லை. வாய்மொழியாகச் சொல்லப்பட்டதா என்பதை இது தீர்மானிக்காது. (3) செவ்வாய், வெள்ளி காலை 9.30 வருகைக்கு மேலாளர் டிசம்பர் இறுதி வரை அனுமதி அளித்தார்.

மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட் 20 கேள்வி திறந்தபடியே கோப்பில் இருக்கிறது.